ஒருமுறைதான் கட்டினோம், இரண்டுமுறை போனதா?

கடன் அட்டையில் ஒரு பொருளுக்கு ஒருமுறை பணம் கட்டியவருக்கு ஒரே தொகையில் இரண்டு குறுஞ்செய்திகள் வருகின்றன. வங்கியின் செயலியைத் திறந்தால் அங்கேயும் இரண்டு வரிகள்: ஒரே கடை, ஒரே தொகை, இரண்டுக்கும் ஒரு நிமிட இடைவெளி. கடைக்காரரோ "எங்களுக்கு ஒன்றுதான் வந்திருக்கிறது" என்கிறார். வாடிக்கையாளர் சேவை மையத்தில் "ஒரு வாரம் பொறுத்துப் பாருங்கள்" என்கிறார்கள். கட்டியவருக்கோ இருவரில் யாரோ ஒருவர் பொய் சொல்வதுபோலத் தோன்றுகிறது.

பெரும்பாலும் இருவர் சொல்வதும் உண்மைதான். அந்த இரண்டு வரிகளில் ஒன்று நிஜமான பற்று, மற்றது வெறும் ஹோல்ட். இரண்டும் ஒரே எழுத்தில், ஒரே வரிசையில் திரையில் தெரிவதால்தான் இத்தனை குழப்பம். எது எது என்பதைச் செயலியில் உள்ள மூன்று எண்களை வைத்து வீட்டிலிருந்தே கண்டுபிடித்துவிடலாம். அதற்கு முன், அட்டையில் பணம் எப்படி நகர்கிறது என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

அட்டையில் பணம் கட்டும்போது இரண்டு வேலைகள் நடக்கின்றன. முதலாவது அனுமதி. கடையின் கணினி, அட்டை கொடுத்த வங்கியிடம் "இந்த அட்டையில் இவ்வளவு தொகை எடுக்கலாமா?" என்று கேட்கிறது. வங்கி சம்மதித்தால் ஆறு எழுத்துகளோ இலக்கங்களோ கொண்ட ஓர் அனுமதி எண்ணைத் தருகிறது. கூடவே அந்தத் தொகையை வேறு யாரும் பயன்படுத்தாதபடி ஒதுக்கியும் வைக்கிறது. இதுதான் ஹோல்ட். பேருந்து இருக்கையில் துண்டு போட்டு இடம் பிடிப்பது போன்றது இது: இடம் பிடித்தாயிற்று, டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை. இரண்டாவது வேலை, வசூல். கடையின் வங்கி "அந்தத் தொகையைக் கொடுங்கள்" என்று அட்டை நிறுவனத்தின் வழியாக முறைப்படி கேட்கிறது. பணம் நிஜமாகக் கைமாறுவது அப்போதுதான். இது பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று வேலை நாட்களில் நடக்கும். அதன்பிறகே கணக்கில் அந்த வரி 'போஸ்டட்' ஆகும், பில்லில் ஏறும், வட்டிக்கும் கணக்காகும்.

குறுஞ்செய்தி வருவது முதல் வேலை முடிந்தவுடன். அதாவது, 'உங்கள் அட்டையில் ரூபாய் இவ்வளவு செலவழிக்கப்பட்டது' என்று செய்தி வரும் நேரத்தில் எதுவுமே செலவாகியிருக்காது. அனுமதி மட்டுமே கிடைத்திருக்கும். இரண்டு குறுஞ்செய்தி என்றால் இரண்டு அனுமதி. இரண்டு வசூல் நடந்ததா என்பதை அந்தச் செய்தியால் சொல்லவே முடியாது.

ஓர் எடுத்துக்காட்டைக் கணக்கோடு பார்க்கலாம். கோவையைச் சேர்ந்த ஓர் ஆசிரியை, கோடை விடுமுறைக்குச் சிங்கப்பூர் செல்லத் திட்டமிட்டு, அங்குள்ள ஒரு ஹோட்டலின் தளத்திலேயே 240 சிங்கப்பூர் டாலருக்கு அறை பதிவு செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அட்டையில் வெளிநாட்டுப் பயன்பாட்டைச் செயலி வழியாக ஏற்கெனவே திறந்து வைத்திருக்கிறார். வெள்ளிக்கிழமை இரவு 9.14-க்குப் பணம் கட்டும் பொத்தானை ஒருமுறை அழுத்துகிறார். திரை சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஒரு நிமிடம் கழித்து 'பதிவு உறுதி' என்று வருகிறது. ஆனால் கைப்பேசியில் 15,600 ரூபாய்க்கு இரண்டு செய்திகள், 9.14-க்கு ஒன்று, 9.15-க்கு ஒன்று.

நடந்தது இதுதான். ஹோட்டலின் கணினி முதல்முறை கேட்டபோது வங்கி அனுமதி கொடுத்துவிட்டது. ஆனால் அந்தப் பதில் வழியில் தாமதமாகி, உரிய நேரத்துக்குள் ஹோட்டலின் கணினிக்குப் போய்ச் சேரவில்லை. பதில் இல்லையே என்று அது மறுபடியும் கேட்டது. வங்கிக்கு இது புதிய கோரிக்கை. ஆகவே புதிய அனுமதி எண்ணுடன் இன்னொரு 15,600 ரூபாயையும் ஒதுக்கியது. விட்டுப்போன முதல் அனுமதியை ரத்து செய்யச் சொல்லி ஹோட்டல் தரப்பிலிருந்து ஒரு தகவல் போயிருக்க வேண்டும். அது போகவில்லை, அல்லது போய்ச் சேரவில்லை. ஹோட்டலின் பதிவேட்டில் முதல் அனுமதி என்று ஒன்று இருந்ததே தெரியாது. அதனால்தான் அவர்கள் "ஒன்றுதான் வந்திருக்கிறது" என்கிறார்கள்.

இந்தியத் தளங்களில் இப்படி நடப்பது குறைவு. இங்கே இணையத்தில் அட்டையில் பணம் கட்டும்போது இரண்டாவது சரிபார்ப்பு வேண்டும் என்பதை ரிசர்வ் வங்கி 2009-ஆம் ஆண்டிலேயே கட்டாயமாக்கியது. ஆகவே பொதுவாக ஓர் ஓடிபிக்கு ஓர் அனுமதி. ஒரே வாங்கலுக்கு இரண்டு ஓடிபி போட்ட நினைவிருந்தால், முதல் முயற்சி தோற்றது என்று நினைத்து இரண்டாம் முறை கட்டியிருக்கலாம். இரண்டுமே வெற்றி பெற்றிருக்கவும் வாய்ப்புண்டு. வெளிநாட்டுத் தளங்கள் பலவற்றில் ஓடிபியே கேட்பதில்லை என்பதால், அங்கே கணினி தானாக மறுபடி கேட்டது கட்டியவருக்குத் தெரிய வழியே இல்லை.

இப்போது அந்த மூன்று எண்களுக்கு வரலாம். ஆசிரியையின் அட்டைக்கு மொத்த லிமிட் 1,00,000 ரூபாய். ஏற்கெனவே செலவழித்த வகையில் மொத்த நிலுவை 22,000. எனவே வெள்ளிக்கிழமை மாலை வரை அவர் செலவழிக்க மீதமிருந்த லிமிட் 78,000. இரண்டு ஹோல்டுக்குப் பிறகு அது 46,800 ஆகக் குறைகிறது. ஆனால் நிலுவை அதே 22,000-தான். லிமிட்டிலிருந்து நிலுவையைக் கழித்தால் 78,000 இருக்க வேண்டும், இருப்பதோ 46,800. இடையிலுள்ள 31,200 ரூபாய் எங்கே? அதுதான் ஹோல்டில் நிற்கும் பணம். இரண்டு வரிகளுமே அப்போதைக்கு ஹோல்ட்; ஹோட்டல் இன்னும் ஒரு காசுகூட வாங்கவில்லை.

திங்கட்கிழமை அல்லது செவ்வாய்க்கிழமை ஹோட்டலின் வங்கி வசூலுக்கு வருகிறது. அன்றைக்கு டாலர் மதிப்பு கொஞ்சம் மாறியிருக்கிறது என்று கொள்வோம். ஒரு சிங்கப்பூர் டாலர் 65 ரூபாயிலிருந்து 65.40 ஆகிவிட்டது. ஆகவே பதிவாகும் தொகை 15,696. அதன்மேல் அந்நியச் செலாவணிக் கட்டணம் 3.5 சதவீதம், அந்தக் கட்டணத்துக்கு 18 சதவீத ஜிஎஸ்டி. எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 16,344 ரூபாய். குழப்பம் முற்றுவது இங்கேதான். திரையில் இப்போது 15,600 என்று ஒரு வரியும் 15,696 என்று இன்னொரு வரியும் நிற்கின்றன. கட்டணத்தைச் சில வங்கிகள் தனி வரியாகவும் காட்டும். தொகைகள் வேறு வேறாக இருப்பதால், இவை இரண்டு தனித்தனிப் பற்றுகள் என்றே யாரும் நினைப்பார்கள்.

மீதி லிமிட்டை மட்டும் பார்த்தாலும் ஏமாந்துபோக நேரிடும். ஒன்று பதிவாகி மற்றொன்று ஹோல்டில் நின்றால் மீதி லிமிட் சுமார் 46,056. இரண்டுமே நிஜப் பற்றாகியிருந்தால் 45,312. இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. கழித்துப் பார்த்தால்தான் வெளிச்சமாகிறது. முதல் நிலையில் நிலுவை 38,344. லிமிட்டிலிருந்து அதைக் கழித்தால் 61,656. மீதி லிமிட்டோ 46,056. வித்தியாசம் 15,600, அதாவது ஒரு ஹோல்ட் இன்னும் பாக்கி. இரண்டாம் நிலையில் நிலுவை 54,688, கழித்தால் 45,312, மீதி லிமிட்டும் அதே 45,312. வித்தியாசம் பூஜ்யம். ஹோல்ட் எதுவும் இல்லை, இரண்டும் வசூலாகிவிட்டன.

இந்தக் கணக்கைப் போடும்போது எடுக்க வேண்டியது இன்றைய மொத்த நிலுவை; கடைசியாக வந்த பில் தொகை அல்ல. பலர் பில் தொகையை எடுத்துவிட்டு, கணக்கு இடிக்கிறது என்று பதறுகிறார்கள். அட்டையில் மாதத் தவணை ஓடிக்கொண்டிருந்தால், இனி கட்ட வேண்டிய அசலுக்கும் லிமிட் முடக்கப்பட்டிருக்கும். அந்தத் தொகையும் வித்தியாசத்தில் சேர்ந்து வரும், அதைக் கழித்துவிட வேண்டும். சில வங்கிகளின் செயலி, ஹோல்டையும் சேர்த்தே நிலுவையாகக் காட்டிவிடுகிறது. அப்படிப்பட்ட செயலியில் இந்தக் கழித்தல் உதவாது. அப்போது கேட்க வேண்டியது ஏஆர்என்.

ஏஆர்என் என்பது 23 இலக்கம் கொண்ட எண். கடையின் வங்கி பணம் கேட்டு வரும்போது அந்த வசூலுக்குக் கொடுக்கும் அடையாளம் இது. அனுமதி மட்டும் வாங்கிவிட்டு வசூலுக்கு வராத வரிக்கு அனுமதி எண் இருக்கும், ஏஆர்என் இருக்காது. இதைவிடத் தெளிவான சாட்சி வேறில்லை. ஆனால் வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் "ரெண்டு தடவை பிடிச்சுட்டாங்க, திருப்பிக் குடுங்க" என்றுதான் சேவை மையத்தில் ஆரம்பிக்கிறார்கள். மறுமுனையில் பதிலும் வழக்கமான பதிலாகவே வரும். கேள்வி துல்லியமாக இருந்தால் பதிலும் துல்லியமாக வரும்.

"சார், வெள்ளிக்கிழமை 9.14-க்கு ஒண்ணு, 9.15-க்கு ஒண்ணு, ரெண்டு என்ட்ரி இருக்கு. ரெண்டும் போஸ்ட் ஆயிடுச்சா?"

"இல்லைங்க மேடம், 9.15-தான் போஸ்ட் ஆகியிருக்கு."

"அப்ப 9.14-க்கு ஏஆர்என் வந்திருக்கா? இல்லைன்னா, அந்த ஹோல்ட் எந்தத் தேதியில விடுபடும்னு சொல்லுங்க."

இப்படி உரையாடல் போனால் விஷயம் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். ஒரு ஹோல்ட் எத்தனை நாள் நிற்கும் என்பது அட்டை நிறுவனத்தின் விதியையும் வங்கியையும் பொறுத்தது. சாதாரண இணையக் கொள்முதலுக்கு ஏறக்குறைய ஒரு வாரம் என்று கொள்ளலாம். ஹோட்டல், வாடகைக் கார் போன்ற, கடைசித் தொகை முன்கூட்டியே தெரியாத தொழில்களில் 30 நாள் வரைகூட நிற்கலாம். ஆசிரியைக்கு அந்த மாதம் லிமிட் அவசரமாகத் தேவைப்பட்டால் காத்திருக்க வேண்டியதில்லை. ஹோட்டலுக்கு மின்னஞ்சல் எழுதி, முதல் அனுமதி எண்ணைக் குறிப்பிட்டு, அந்த அனுமதியை ரத்து செய்து வங்கிக்குத் தகவல் அனுப்பச் சொல்லலாம். கடை தரப்பின் சம்மதம் இல்லாமல் ஹோல்டைத் தானே விடுவிக்க வங்கிகள் தயங்குகின்றன. காரணம் எளிது: விடுவித்த பிறகு கடை வசூலுக்கு வந்தால் வங்கி பணம் கொடுத்தாக வேண்டியிருக்கும்.

ஹோல்ட் விடுபடும்போது பணம் வரவு வைக்கப்படுவதில்லை. அந்த வரி சத்தமில்லாமல் மறைந்துபோகும், மீதி லிமிட் கூடும், அவ்வளவுதான். நிஜமான பற்றுக்குக் கடை ரீஃபண்ட் கொடுத்தால்தான் வரவு என்று தனி வரி வரும். இதை அறியாமல் பலர் 'ரீஃபண்ட் வரவே இல்லை' என்று வாரக்கணக்கில் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் கணக்கோ எப்போதோ சரியாகியிருக்கும். மறைந்த வரி பின்னர் தேடினாலும் செயலியில் கிடைக்காது என்பதால், முதல் நாளே இரண்டு வரிகளும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைப்பது பின்னால் உதவும்.

ஹோல்டில் நிற்கும் வரிக்கு எதிராக அவசரப்பட்டு 'டிஸ்ப்யூட்' எழுப்புவது நல்லதல்ல. வசூலே ஆகாத ஒன்றைத் திருப்பி வாங்க வழியில்லை என்பதால் வங்கி அதை ஏற்காது. அதைவிடப் பெரிய சங்கடம், தவறான வரியைத் தேர்ந்தெடுத்துவிடுவது. பதிவாகியிருப்பது ஒன்றே ஒன்று என்னும்போது அதன்மேல் புகார் போனால், ஹோட்டலைப் பொறுத்தவரை அறைக்கான பணமே திரும்பப் பறிக்கப்படுகிறது. பதிவையே ரத்து செய்துவிட அவர்களுக்கு அது போதும்.

சரி, கழித்துப் பார்த்ததில் வித்தியாசம் பூஜ்யம், இரண்டு வரிக்கும் தனித்தனி ஏஆர்என் இருக்கிறது. அப்படியானால் அது நிஜமான இரண்டாவது பற்று. இனி காத்திருக்கக் கூடாது. முதலில் கடையிடம் போக வேண்டும். பணம் அவர்களிடம் இருக்கிறது. "எங்களுக்கு ஒன்றுதான் வந்திருக்கிறது" என்று அவர்கள் சொல்வது பெரும்பாலும் ஆர்டர் பட்டியலைப் பார்த்துத்தான். ஆர்டர் ஒன்று, ஆனால் அதன்கீழ் வசூல் இரண்டு இருக்கலாம். ஆகவே இரண்டு ஏஆர்என்களையும் கொடுத்து, கணக்குப் பிரிவில் பார்க்கச் சொல்ல வேண்டும். அவர்கள் மறுத்தால், வங்கியில் எழுத்துமூலம் டிஸ்ப்யூட். விசா, மாஸ்டர்கார்டு போன்ற நிறுவனங்களின் விதிகளில் 'ஒரே வாங்கலுக்கு இருமுறை வசூல்' என்பது தனிக் காரணமாகவே இருக்கிறது. அந்தக் காரணத்தையே புகாரில் எழுத வேண்டும். மோசடி என்று எழுதக் கூடாது. மோசடி என்றால் அட்டையையே முடக்குவார்கள், விசாரணை வேறு திசையில் போகும். கடன் அட்டை பில்லில் ஒரு தொகையை வாடிக்கையாளர் மறுத்தால், 30 நாட்களுக்குள் வங்கி அதற்கு விளக்கம் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. புகார் கொடுத்து 30 நாளில் பதில் இல்லை என்றாலோ, பதில் திருப்தி தராவிட்டாலோ cms.rbi.org.in தளத்தில் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம்.

டெபிட் கார்டிலும் இதே கழித்தல்தான், எண்கள்தான் வேறு. சேமிப்புக் கணக்கில் 'லெட்ஜர் பேலன்ஸ்' என்று ஒன்றும் 'அவைலபிள் பேலன்ஸ்' என்று ஒன்றும் காட்டுவார்கள். இரண்டும் சமமாக இல்லாவிட்டால், குறையும் தொகை ஹோல்டில் இருக்கிறது. சில வங்கிகள் அதை 'லியன்' என்று குறிப்பிடும். ஆனால் டெபிட் கார்டில் பல வங்கிகள் அனுமதி கொடுத்த கணமே கணக்கில் பற்று எழுதிவிடுகின்றன. அங்கே தவறாகப் போனது வரவாகத்தான் திரும்பும்.

யுபிஐ-யில் நிலைமை முற்றிலும் வேறு. அன்றாடக் கடைப் பணத்துக்கு அங்கே ஹோல்ட் என்ற கட்டமே கிடையாது. புதுப் பங்கு வெளியீட்டுக்கு விண்ணப்பிப்பது போன்ற சில இடங்களில் மட்டும்தான் பணத்தை முடக்கிவைப்பார்கள். ஆகவே யுபிஐ-யில் இரண்டு பற்று என்று பாஸ்புக் காட்டினால் அது இரண்டு பற்றுதான். உறுதிசெய்ய ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் உரிய 12 இலக்க எண்ணைப் பார்க்க வேண்டும். இரண்டு செய்தியிலும் அந்த எண் ஒன்றேயானால், ஒரே பரிமாற்றத்துக்கு இரண்டு செய்தி வந்திருக்கிறது, கவலையில்லை. எண்கள் வேறானால் பணம் இரண்டுமுறை கிளம்பியிருக்கிறது.

கிளம்பியது கடைக்குப் போய்ச் சேர்ந்ததா என்பது அடுத்த கேள்வி. கணக்கில் பற்று வைத்தும் கடைக்கு உறுதி போய்ச் சேராத பரிமாற்றங்களுக்கு ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் காலக்கெடு விதித்தது. கடைக்குச் செலுத்திய யுபிஐ-க்கும், இணையத்தில் அட்டையில் கட்டியதற்கும், பரிமாற்ற நாளுக்குப் பிறகு ஐந்து நாட்களுக்குள் பணம் தானாகத் திரும்ப வேண்டும். தாமதித்தால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு, அதுவும் வாடிக்கையாளர் கேட்காமலே. ஆனால் இது தோற்றுப்போன பரிமாற்றத்துக்கான விதி. இரண்டு பணமும் வெற்றிகரமாகக் கடைக்குப் போய்விட்டால் இந்த ஐந்து நாளும் நூறு ரூபாயும் பொருந்தாது. கடைக்காரர்தான் ரீஃபண்ட் போட வேண்டும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு வங்கியோடு மல்லுக்கட்டுபவர்கள் ஏராளம்.

இந்தப் பதற்றத்தில்தான் மோசடிக்காரர்களும் நுழைகிறார்கள். 'ரீஃபண்ட்' என்று இணையத்தில் தேடி முதலில் கிடைக்கும் எண்ணுக்கு அழைப்பவரிடம், "உங்க பணம் ரெடி, பின் நம்பர் மட்டும் போடுங்க" என்பார்கள். பணம் வாங்க யுபிஐ பின் ஒருபோதும் தேவையில்லை. பின் போட்டால் பணம் போகும். ஹோல்ட் விடுபடவோ ரீஃபண்ட் வரவோ ஓடிபியும் தேவையில்லை. அட்டையின் பின்புறத்திலும் வங்கியின் சொந்தச் செயலியிலும் உள்ள எண்ணுக்கு மட்டுமே பேச வேண்டும்.

ஆசிரியையின் கணக்கில் ஹோல்ட் மறைந்த பிறகும் ஒரு வேலை பாக்கியிருக்கிறது. ஹோல்ட் விடுபட்டுவிட்டது என்பதால் கடை இனி வசூலுக்கு வரவே முடியாது என்று பொருளில்லை. கணக்கை நேர்செய்யும்போது ஹோட்டல் அந்த முதல் அனுமதியையும் தவறுதலாக வசூலுக்கு அனுப்பிவிட்டால், ஒன்றிரண்டு வாரம் கழித்துக்கூட அது பற்றாக வந்து ஏறலாம். அப்படி நடப்பது அரிது, ஆனால் நடக்கிறது. அப்போது குறுஞ்செய்தி எதுவும் வராமல் போகலாம். அனுமதி நேரத்துச் செய்திதான் ஏற்கெனவே வந்துவிட்டதே. ஆகவே அடுத்த பில் வரும்போது அவர் தேட வேண்டியது 15,600 என்ற எண்ணை அல்ல, ஹோட்டலின் பெயரை. அந்தப் பெயரில் 240 டாலர் ஒரே வரியில் ஒருமுறை மட்டும் இருந்தால் வழக்கு முடிந்தது. இரண்டு வரி இருந்தால், முதல் நாள் எடுத்த ஸ்கிரீன்ஷாட்டும் இரண்டு அனுமதி எண்களும் அன்றே வங்கிக்குப் போக வேண்டும்.